திரையில் 3,000 டாலர், எடுக்க முடிவது 520 மட்டும்

அஸ்தம்பட்டி: சேலத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, இம்மாதம்தான் வங்கிக் கணக்கு தொடங்கினேன். 600 டாலரை ரொக்கமாகச் செலுத்தினேன். இடமாற்றச் செலவுக்காக நிறுவனம் கொடுத்த 2,400 டாலர் காசோலையைத் திங்களன்று போட்டேன். இன்று புதன்கிழமை, செயலியில் லெட்ஜர் பேலன்ஸ் 3,000 என்றும் அவைலபிள் பேலன்ஸ் 520 என்றும் காட்டுகிறது. வீட்டு உரிமையாளருக்கு 950 டாலர் வாடகைக் காசோலை எழுத வேண்டும். எதை நம்பி எழுதுவது?

சூரமங்கலம்: 520-ஐத்தான் நம்ப வேண்டும், தம்பி. ஆனால் எந்தக் காசோலையாக இருந்தாலும் முதல் 275 டாலரை மறு வேலைநாளே விடுவிக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. வங்கியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

ஏற்காடு: அமெரிக்காவில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். அண்ணா சொல்லும் 275 டாலர் விதி 2025 ஜூலை முதல் நடப்பில் இருப்பது உண்மைதான், ஆனால் கணக்கு தொடங்கிய முதல் 30 நாட்களில் போடும் சாதாரணக் காசோலைக்கு அது பொருந்தாது. நிறுவனத்தின் காசோலையும் அந்த வகையில்தான் சேரும். அதை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது; கணக்கு தொடங்கியபோது கொடுத்த விதிமுறைத் தாளில் அது எழுதப்பட்டிருக்கும். லெட்ஜர் பேலன்ஸ் என்பது கணக்கில் பதிவாகிவிட்ட தொகை என்பதால் காசோலை அதில் சேர்ந்துவிட்டது. 3,000-இல் 2,400 போனால் 600 மிஞ்ச வேண்டுமே, கார்டை எங்காவது கொடுத்தீர்களா?

அஸ்தம்பட்டி: ஆம் அக்கா, விடுதியில் முன்பணமாக 80 டாலர் பிடித்தார்கள்.

ஏற்காடு: அந்த 80 இன்னும் பதிவாகாத பிடித்தம். அது லெட்ஜரைத் தொடாமல், எடுக்கக்கூடிய தொகையை மட்டும் குறைக்கும். விடுதி இறுதிக் கணக்கை அனுப்பியதும் உண்மையான செலவு பதிவாகி, பிடித்தம் நீங்கும். இப்போது 950-க்குக் காசோலை எழுதினால், அது பணமின்றித் திரும்பலாம், அல்லது வங்கி தன் பணத்தைக் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கலாம்.

குகை: நான் சேலத்தில் இருக்கிறேன், மகன் அங்கே இருக்கிறான். இங்கே 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட காசோலைக்கு அன்று மாலைக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. அங்கே ஏன் இத்தனை நாள்?

ஏற்காடு: இங்கும் காசோலையின் படம் விரைவாகவே போய்ச் சேர்கிறது, ஐயா. ஆனால் எழுதியவரின் வங்கி அதைத் திருப்பி அனுப்பினால் மட்டுமே செய்தி வரும். பணம் கிடைத்துவிட்டது என்று பொதுவாக யாரும் உறுதி சொல்வதில்லை. அதனால் தம்பி, 2,400 விடுவிக்கப்பட்டதாகத் திரை காட்டிய பிறகும் காசோலை திரும்பினால், வங்கி அத்தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

சூரமங்கலம்: கிளைக்கு நேரில் போனால் முன்கூட்டியே விடுவிப்பார்களா?

ஏற்காடு: சில மேலாளர்கள் செய்வார்கள், சிலர் மறுப்பார்கள்; கேட்டுப் பார்க்கலாம். அடுத்த தொகையை நிறுவனத்திடமிருந்து மின்னணுப் பரிமாற்றமாகப் பெறுங்கள், புதுக் கணக்கிலும் அது மறு வேலைநாளுக்குள் கைக்கு வரும்.