படகுப் பெயரை மெர்ஜ் செய்தால் மீதி வரி யாருடையது?

வாடிக் கணக்கு, உப்புவெளி

மாமாவின் மீன் வாடியில் நான்தான் எக்செல்லில் கணக்கு எழுதுகிறேன். ஒரு படகுக்கு மூன்று நான்கு வரி வரும். படகின் பெயரை இடப்பக்கம் மெர்ஜ் செய்து நடுவில் போட்டிருக்கிறேன், முற்பணமும் அப்படியே. நேற்று மீன் வாரியாக சோர்ட் செய்யப் போனால் `To do this, all the merged cells need to be the same size` என்று நின்றுவிட்டது. மாமாவுக்குத் தாள் இதே வடிவில்தான் வேண்டும். என்ன வழி?

நிலாவெளி விடுதி

மெர்ஜை எடுத்துவிடுங்கள், தோற்றம் மாறாது. கட்டங்களைத் தெரிவு செய்து `Ctrl+1` அழுத்துங்கள். `Alignment` பக்கத்தில் `Horizontal` என்ற இடத்தில் `Center Across Selection` என்று ஒன்று இருக்கும். எங்கள் விடுதியின் அறைப் பதிவில் "ஜூலை முன்பதிவு" என்ற தலைப்பு எட்டு நிரலுக்கு மேல் மெர்ஜாகக் கிடந்தது. ஒரு நிரலைத் தெரிவு செய்யப் போனால் எட்டும் சேர்ந்து தெரிவாகும். இதைச் செய்த பிறகு அந்தத் தொல்லையே இல்லை.

மனையாவெளி

விடுதிக்காரர் சொன்னது தலைப்புக்குச் சரியான மருந்து, ஆனால் தங்கச்சி கேட்டது வேறு. அது பக்கவாட்டில் மட்டும்தான் வேலை செய்யும். மேலிருந்து கீழாகப் பல வரிக்கு நடுவில் எழுத்தை நிறுத்த எக்செல்லில் அப்படி ஒரு வசதி கிடையாது.

தங்கச்சி, சோர்ட் நின்றது உங்கள் நல்ல காலம். அது மறுத்துவிட்டது, நீங்களும் கவனித்தீர்கள். மறுக்காமல் தப்பாகச் சொல்லும் இடம்தான் எனக்குப் பயம். மெர்ஜ் செய்த கட்டத்தில் பெயர் உண்மையில் மேல் வரியில் மட்டும் இருக்கிறது, கீழே உள்ளவை வெறுமை. படகு 7 சூரை 38 கிலோ, பாரை 12, கும்பளா 25 கொண்டுவந்தது என்று வையுங்கள். பில்டரில் படகு 7 ஐத் தெரிவு செய்தால் சூரை வரி மட்டும் தெரியும். இதைப் போட்டாலும் அதே கதை:

```
=SUMIF(A4:A44,"படகு 7",C4:C44)
```

75 வர வேண்டிய இடத்தில் 38 வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாத முடிவில் சம்மாட்டிக்கு இப்படிக் கணக்குச் சொன்னீர்களா என்று முதலில் பாருங்கள்.

வாடிக் கணக்கு, உப்புவெளி

அக்கா, கைகால் நடுங்குகிறது. போன மாதம் இரண்டு படகுக்கு பில்டர் போட்டுத்தான் கூட்டிச் சொன்னேன். இன்றிரவே நிறுவைத் துண்டுகளை எடுத்துப் பார்க்கிறேன்.

கிண்ணியா நானா

மெர்ஜை விடவே தேவையில்லை தங்கச்சி. பெயர் நிரலை வேறு ஒரு வெற்று நிரலுக்குப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு இங்கே மெர்ஜை நீக்கி, ஒவ்வொரு வரியிலும் பெயரை நிரப்புங்கள். அதன் பின் பிரதியைத் தெரிவு செய்து `Format Painter` தூரிகையால் இந்த நிரலில் தடவுங்கள். பார்வைக்குப் பழைய மெர்ஜ் வந்துவிடும், உள்ளே எல்லா வரியிலும் பெயர் இருக்கும். என் அரிசிக் கடையில் இரண்டு வருடமாக இப்படித்தான். பில்டர், சோர்ட் எல்லாம் ஓடும்.

மனையாவெளி

நானா, பில்டர் ஓடும், SUMIF உம் சரியாக வரும். அந்த அளவுக்கு நல்ல வழிதான். சோர்ட் ஓடாது. கட்டங்கள் இன்னும் மெர்ஜாகவே இருக்கின்றன, ஒன்று மூன்று வரி, இன்னொன்று ஐந்து வரி. அதே செய்திதான் வரும். உங்கள் கடையில் நீங்கள் சோர்ட் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. படகு 7 என்று தவறாகப் போட்டதை ஒரு நாள் படகு 9 என்று திருத்துகிறீர்கள். மேல் வரி மட்டும் 9 ஆகும். கண்ணுக்குத் தெரியாத கீழ் இரண்டும் 7 ஆகவே கிடக்கும். திரையில் பார்த்தால் எல்லாம் சரி. பாரையும் கும்பளாவும் மட்டும் வேறு ஆளின் கணக்கில் போய்ச் சேரும்.

கிண்ணியா நானா

இப்போதுதான் சோர்ட் செய்து பார்த்தேன், நின்றுவிட்டது. நான் எப்போதும் பில்டர் மட்டும்தான் பாவித்திருக்கிறேன். திருத்தம் பற்றிச் சொன்னதும் உண்மைதான். இருந்தாலும் பில்டர் மட்டும் போதும் என்பவருக்கு இது சுலபமான வழி என்பதை நான் விடமாட்டேன்.

கச்சேரி ஓய்வு

முப்பது வருடம் பதிவேடு எழுதியவன் பேசுகிறேன். தாள் என்பது ஆட்களுக்கு. சம்மாட்டி வந்து தன் படகின் பெயரைத் தேடி, அதற்கு நேரே ஒப்பமிட்டுப் பணம் வாங்குகிறார். மூன்று வரிக்கும் ஒரே பெட்டி, நடுவில் பெயர் என்றால் ஒரு பார்வையில் பிடிபடும். "படகு 7, படகு 7, படகு 7" என்று அடுக்கினால் எதற்கு மூன்று தடவை ஒப்பம் என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

இழுத்து நிரப்ப முடியாது என்பார்கள், அதற்கும் வழி இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் தொடர் இலக்கத்தை A நிரலில் மெர்ஜ் செய்துதான் வைத்திருந்தோம். மூலையைப் பிடித்து இழுத்தால் இதே செய்தி வரும். A4 இலிருந்து கடைசி வரை தெரிவு செய்து, இதைத் தட்டி, `Ctrl+Enter` அழுத்த வேண்டும்:

```
=MAX(A$3:A3)+1
```

எத்தனை வரிப் பெட்டியாக இருந்தாலும் 1, 2, 3 என்று வரும்.

மனையாவெளி

ஐயா, இந்த வழி சரியாக வேலை செய்யும். ஒப்பத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. தாள் ஆட்களுக்கு என்பதை நான் மறுக்கவில்லை. பெட்டி போலத் தெரிவதற்கு மெர்ஜ் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

தங்கச்சி, முதலில் கோப்பை ஒரு பிரதி எடுங்கள். A4:A44 ஐத் தெரிவு செய்து `Merge & Center` ஐ அழுத்தினால் மெர்ஜ் நீங்கும். தெரிவை விடாமல் `Go To Special` இல் `Blanks` ஐ எடுங்கள். இப்போது வெறுமைகள் மட்டும் தெரிவாகியிருக்கும். முதல் படகுக்கு ஒரு வரிக்கு மேல் இருந்தால் நீங்கள் நிற்பது A5 இல். `=A4` என்று தட்டி `Ctrl+Enter`. முதல் படகுக்கு ஒரே வரி என்றால் வேறு இடத்தில் நிற்பீர்கள், அப்போது நிற்கும் கட்டத்துக்கு நேர் மேலே உள்ளதைக் கொடுக்க வேண்டும். பிறகு A நிரலைப் பிரதி எடுத்து அதே இடத்தில் `Paste Values`. இந்தக் கடைசிப் படியை விட்டால் சோர்ட் செய்தவுடன் சூத்திரம் உள்ள ஒவ்வொரு வரியும் புதிதாகத் தன் மேலே வந்த படகின் பெயரை எடுத்துக்கொள்ளும். படகு தெரியாமல் நீங்களே வெறுமையாக விட்ட வரி ஏதும் இருந்தால் அதையும் முதலில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள படகு அதை விழுங்கிவிடும்.

அப்புறம் தோற்றம். A4:A44 க்கு `Conditional Formatting` இல் சூத்திரம் கொண்ட விதி ஒன்று:

```
=$A4=$A3
```

அதன் `Number` வடிவத்தில் `Custom` எடுத்து `;;;` என்று போடுங்கள். மேலே உள்ள அதே பெயர் என்றால் எழுத்து மறையும், பெயர் உள்ளேயே இருக்கும். படகு, முற்பணம், ஒப்பம் ஆகிய நிரல்களில் குறுக்குக் கோடுகளை எடுத்துவிட்டு, `=$A4<>$A3` என்ற இன்னொரு விதியில் மேல் கோடு மட்டும் கொடுங்கள். படகு மாறும் இடத்தில் மட்டும் கோடு விழும், ஒப்பத்துக்கு அகலப் பெட்டி கிடைக்கும். கோடு மெல்லியதாகத்தான் வரும், தடித்த கோட்டை இந்த விதி தராது.

கச்சேரி ஓய்வு

பெயர் நடுவில் வராதே?

மனையாவெளி

வராது ஐயா. முதல் வரியில் நிற்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

வாடிக் கணக்கு, உப்புவெளி

செய்து பார்த்தேன், சோர்ட் ஓடுகிறது. ஆனால் பாரை மட்டும் என்று பில்டர் போட்டால் பல வரிகளில் படகின் பெயரே இல்லை. அச்சிட்டால் யாருடைய பாரை என்று தெரியாது.

மனையாவெளி

விதி நேர் மேலே உள்ள வரியைத்தான் பார்க்கிறது, அந்த வரி பில்டரில் மறைந்திருந்தாலும். இது உண்மையான குறை. எளிய வழி, `;;;` க்குப் பதிலாக எழுத்தை வெளிர் சாம்பலாக்குவது. முழுதாக மறையத்தான் வேண்டும் என்றால் H நிரலில் இதைப் போட்டுக் கீழே வரை நிரப்புங்கள்:

```
=AGGREGATE(3,5,B4)
```

வரி தெரிந்தால் 1, மறைந்தால் 0. பிறகு எழுத்தை மறைக்கும் விதியை இப்படி மாற்றுங்கள்:

```
=COUNTIFS($A$3:$A3,$A4,$H$3:$H3,1)>0
```

கண்ணுக்குத் தெரியும் வரிகளில் அதே படகு மேலே வந்திருந்தால் மட்டும் பெயர் மறையும். ஆனால் இது படகு வாரியாக அடுக்கியிருக்கும்போதுதான் பொருந்தும். மீன் வாரியாக அடுக்கினால் எங்கோ மேலே வந்த பெயருக்காக இங்கே மறைத்துவிடும். நான் வைத்திருப்பது சாம்பல் எழுத்துதான்.

கிண்ணியா நானா

முற்பணத்தை மறந்துவிட்டீர்கள். அதையும் இப்படியே கீழே நிரப்பினால்?

மனையாவெளி

நிரப்பவே கூடாது நானா, நல்ல வேளை கேட்டீர்கள். படகு 7 க்கு 5,000 ரூபா கொடுத்தோம். மூன்று வரியிலும் நிரப்பினால் கூட்டுத்தொகை 15,000 ஆகும். பெயரை எத்தனை தடவை எழுதினாலும் பெயர்தான், பணம் அப்படி இல்லை. முற்பணத்துக்குத் தனித் தாள் வையுங்கள் தங்கச்சி. திகதி, படகு, தொகை, ஒரு கொடுப்பனவுக்கு ஒரு வரி.

கிண்ணியா நானா

இரண்டு தாளைப் பார்த்துப் பதியப் பிள்ளைக்கு நேரம் ஏது? விடியற்காலையில் லொறி நிற்கும். மெர்ஜை மட்டும் நீக்கி, முதல் வரியில் தொகையை விட்டால் போதும்.

மனையாவெளி

கூட்டுத்தொகை சரியாக வரும். மீன் வாரியாக பில்டர் போட்டால்தான் வினை. சூரையைக் கேட்டால் 5,000 தெரியும், பாரையைக் கேட்டால் முற்பணமே வாங்காத ஆள் போல இருக்கும்.

நிலாவெளி விடுதி

பதிவை வரிக்கு வரி வைத்துக்கொண்டு, அச்சுக்கு மட்டும் பிவட் போட்டால் என்ன? நாங்கள் மாத அறிக்கைக்கு அதைத்தான் பாவிக்கிறோம். `Tabular Form` ஆக்கி, `PivotTable Options` இல் `Merge and center cells with labels` ஐக் குறித்தால் பெயர் நடுவிலேயே வரும்.

கச்சேரி ஓய்வு

அப்படியென்றால் நான் கேட்டது கிடைக்கிறது.

மனையாவெளி

கிடைக்கிறது, நல்ல யோசனை. இரண்டு விடயம் மட்டும் பாருங்கள். புதிதாகப் பதிந்த பிறகு `Refresh` செய்யாமல் அச்சிட்டால் பழைய கணக்கு போகும். ஒரே படகு ஒரே விலைக்கு சூரையை இரண்டு தடவை நிறுத்திருந்தால் பிவட் அதை ஒரே வரியாகக் கூட்டிவிடும். துண்டு இலக்கத்தையும் ஒரு நிரலாகச் சேர்த்தால் பிரிந்து நிற்கும்.

வாடிக் கணக்கு, உப்புவெளி

துண்டுகளைப் பார்த்துவிட்டேன். படகு 7 க்குக் கிலோ குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன், மற்றப் படகுக்கு ஒரே மீன் என்பதால் தப்பியது. மாமாவிடம் சொன்னேன், நாளை சம்மாட்டிக்கு மீதியைக் கொடுப்பார். பிவட் தாளையும் சாம்பல் எழுத்துத் தாளையும் அச்சிட்டு மாமாவுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். முற்பணத்தை இப்போதைக்கு முதல் வரியில் விட்டிருக்கிறேன் அக்கா, தனித் தாள் அடுத்த மாதம் தொடங்கலாம் என்கிறார்.