இன்டக்சன் அடுப்பில் E6, அணைத்த பிறகும் நிற்காத ஃபேன்

வணக்கம் உறவுகளே, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது 2000 வாட் ஒற்றை இன்டக்சன் அடுப்பு, வாங்கி மூன்று வருடம், உத்தரவாதம் முடிந்துவிட்டது.

முன்பெல்லாம் அணைத்தால் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடி நின்றுவிடும். உள்ளே இருக்கும் சுருளும் பவர் டிரான்சிஸ்டரும் ஆறுவதற்காகத்தான் அது ஓடுகிறது, அதில் எனக்குக் குழப்பமில்லை. போன மாதக் கடைசியிலிருந்து கண்ணாடி முழுதும் குளிர்ந்த பிறகும் ஃபேன் நிற்பதில்லை, பிளக்கைக் கழற்றினால்தான் ஓய்கிறது. காலையில் முதல் தடவை போடும்போதே E6 வருகிறது. என் மாடலின் கையேட்டில் அதற்கு 'உள்ளே அதிக வெப்பம்' என்று இருக்கிறது. இரவு முழுதும் சும்மா கிடந்த அடுப்பில் ஏது வெப்பம்?

சட்டியில் பிழை இல்லை. அடியில் காந்தம் நன்றாக ஒட்டுகிறது, அடியும் தட்டை. அலுமினியச் சட்டி வைத்துப் பார்த்தேன், அதற்கு E0 தான் வந்தது, அது வேறு விஷயம்.

பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டுத் திறந்து தூசி துடைத்தேன். காற்று தாராளமாக வருகிறது. கண்ணாடிக்குக் கீழே சுருளின் நடுவில் இருக்கும் சென்சரை மல்டிமீட்டரில் அளந்தேன்: சுமார் 100 கிலோஓம், கையால் சூடாக்கினால் குறைகிறது. ஆக அது சரி. மிச்சம் இருப்பது ஹீட்சிங்கை ஒட்டி டிரான்சிஸ்டர் அருகே இருக்கும் இரண்டாவது சென்சர். அதன் கால்களில் பச்சை படிந்திருக்கிறது, கடல் காற்றின் வேலையாக இருக்கலாம். திருத்தும் கடையில் போர்ட்டையே மாற்றச் சொல்கிறார்கள், அந்த விலைக்குப் புது அடுப்பே வாங்கிவிடலாம்.

இந்த இரண்டாவது சென்சரைப் போர்ட்டிலிருந்து கழற்றாமலே கெட்டுவிட்டதா என்று அளந்து பார்க்க வழி இருக்கிறதா?