புதுப்பிப்பு: கல்யாண மேக்கப் காசும் வீட்டுக் காசும்

"மணப்பெண் மேக்கப் காசும் வீட்டுக் காசும் ஒரே கணக்குல கலக்குது, எப்படிப் பிரிக்கிறது?"

முன்னாடி நான் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சுங்கை சிப்புட் அக்கா சொன்னதுதான் பலிச்சது: தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு, டுயிட்நவ் கியூஆரும் அதுக்கே. வீட்டுக்குத் திங்கட்கிழமை மட்டும் மாத்துறேன்.

எதிர்பாராதது முன்பணம். போன மாசம் 2,400 ரிங்கிட் வந்துச்சு. அதில் 600 வரப்போற கல்யாணங்களுக்கு. சாமான் 450, பெட்ரோல் 150 போக என் கையில் 1,200தான்! முன்பணத்தைக் கல்யாணம் முடியும்வரை தனிப் பத்தியில் எழுதுறேன். ஒரு கல்யாணம் நின்னப்போ திருப்பிக் கொடுக்க முடிஞ்சது.

ரசீதை 7 வருஷம் வைக்கச் சொன்ன தம்பி சரி, ஆனா ரொக்கத்தை எழுத வேண்டாம்னது தப்பு. ரசீது மங்கிடுது, அன்னைக்கே படம் எடுத்துடுங்க.

நானும் பூசிக்கிற லிப்ஸ்டிக் எந்தக் கணக்கு? இன்னும் தெரியல.