சீசன் தொழிலில் மாத ரொக்க பட்ஜெட்: விற்பனை ஏறும் மாதத்தில் கை வறண்டது ஏன்?

குடைப் பட்டறை

குடையும் மழைக்கோட்டும் தைத்து மொத்தமாகக் கடைகளுக்குப் போடுகிறோம். வருடத்தில் மூன்று மாதம்தான் பெரிய ஓட்டம். சீசனுக்கு முன்னால், கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடும் ஓ.டி. லிமிட்டைக் கூட்டிக் கேட்க வங்கிக்குப் போயிருந்தேன். லாப நட்டக் கணக்கு, ஆர்டர் பட்டியல் எல்லாம் கையில் இருந்தது. மேலாளர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "எந்த மாதம் அதிகபட்சம் எவ்வளவு எடுப்பீர்கள், எந்த மாதம் அடைப்பீர்கள், அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். லாப நட்டக் கணக்கில் இந்த இரண்டுக்குமே பதில் கிடையாது. அன்று போட்ட தாளைத்தான் இங்கே பகிர்கிறேன். விகிதங்கள் எங்களுடையவை. எண்களைச் சுலபமாக்கியிருக்கிறேன், எல்லாம் ஆயிரத்தில்.

ஏழு மாத விற்பனை இது: 100, 100, 200, 600, 800, 300, 100. அதற்கு முந்தைய மாதங்களும் எட்டாவது மாதமும் 100தான். ஆனால் விற்றது வேறு, கைக்கு வருவது வேறு. 100க்கு விற்றால் 20 அன்றைக்கே ரொக்கம், 50 அடுத்த மாதம், 28 அதற்கடுத்த மாதம். மீதி 2 வராது என்றே வைத்துக்கொள்கிறேன்.

செலவுப் பக்கம் இதற்கு நேர் எதிர். துணி, கம்பி, கைப்பிடி எல்லாம் விற்பனையில் பாதி விலை. விற்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கியாக வேண்டும். ஒரு மாதக் கடன் கிடைக்கிறது. ஆக, சரக்கு கடைக்குப் போகும் மாதத்துக்கு முந்தைய மாதமே துணிக்காரருக்குப் பணம் போய்விடும். தையல் கூலி விற்பனையில் 15 சதவீதம், அதுவும் தைக்கும் மாதத்திலேயே, அதாவது விற்பதற்கு ஒரு மாதம் முன்பே. வாடகை, மின்சாரம், அலுவலகச் சம்பளம் மாதம் 30. இயந்திரத் தேய்மானத்தை இதில் சேர்க்கவில்லை, அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லையே.

தொடக்கக் கையிருப்பு 150.

| மாதம் | வரவு | செலவு | மாத முடிவில் இருப்பு |
|---|---|---|---|
| 1 | 98 | 95 | 153 |
| 2 | 98 | 160 | 91 |
| 3 | 118 | 420 | −211 |
| 4 | 248 | 550 | −513 |
| 5 | 516 | 225 | −222 |
| 6 | 628 | 95 | 311 |
| 7 | 394 | 95 | 610 |

நான்காம் மாதத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். அந்த மாத விற்பனை 600. அதில் ரொக்கமாக 120 வருகிறது. மூன்றாம் மாத பாக்கி 100, இரண்டாம் மாத பாக்கி 28. மொத்தம் 248. அதே மாதம் ஐந்தாம் மாதச் சரக்குக்குத் துணிக்காரருக்கு 400, கூலி 120, நிலையான செலவு 30. புத்தகக் கணக்குப்படி, தேய்மானத்தையும் வராத பாக்கியையும் கழிக்காமல் பார்த்தால், அந்த மாதம் 180 லாபம். கையிலோ 302 குறைகிறது. விற்பனை 800ஐத் தொடும் ஐந்தாம் மாதத்தில்தான் பணம் திரும்பவே ஆரம்பிக்கிறது.

மேலாளருக்கு நான் சொன்ன பதில்: கையில் எப்போதும் 50 இருக்க வேண்டும் என்பதால் அதிகபட்சம் 563 தேவை, மூன்றாம் மாதம் எடுக்கத் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் அடைத்துவிடுவோம். வட்டியைத் தனி வரிசையாகப் போட்டுச் சேர்த்துக்கொண்டேன். லிமிட் கிடைத்தது.

மற்றவர்கள் எப்படிப் போடுகிறீர்கள்?

ஸ்வெட்டர் வியாபாரி

நாங்களும் இப்படித்தான், ஆனால் இவ்வளவு நீளமாகப் போடுவதில்லை. மைனஸ் விழும் மாதங்களைக் கூட்டினால் போதும். உங்கள் கணக்கில் இரண்டாம் மாதம் 62, மூன்றாம் மாதம் 302, நான்காம் மாதம் 302. மொத்தம் 666. அவ்வளவு கடன் கேட்டிருக்க வேண்டும். 563 பத்தாது.

குடைப் பட்டறை

மைனஸ் மாதங்கள் அடுத்தடுத்து வருவதால் கூட்டியது சரிதான். ஆனால் முதல் மாத முடிவில் கையில் இருந்த 153ஐ நீங்கள் கழிக்கவில்லை. 666ல் அது போனால் 513, அதோடு கையிருப்பு 50. இடையில் ஒரு மாதம் பிளஸ் வந்தால் உங்கள் வழி இன்னும் தடுமாறும். அதனால்தான் ஒவ்வொரு மாத முடிவு இருப்பையும் அடுத்த மாதத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு போகிறேன்.

மலைவிடுதி

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லையே! சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அறைக்கு முன்பணம் வந்துவிடுகிறது. சீசன் தொடங்கும்போது கை நிரம்பியிருக்கும். எங்களுக்குக் கஷ்டம் சீசன் முடிந்த பிறகுதான், ஆள் சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களும் கடைக்காரர்களிடம் முன்பணம் கேட்கலாமே?

பேரேடு

இருபது வருடமாகச் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். விடுதிக்காரர் சொல்வது அவர் தொழிலுக்குப் பொருந்தும், கடனில் சரக்கு எடுத்தே பழகிய கடைகளிடம் முன்பணம் பெயராது. விடுதிக்காரருக்கும் ஒன்று: ரத்து செய்தால் திருப்பித் தர வேண்டிய முன்பணத்தை வரவாகப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் பெயின்ட் அடிப்பதற்கும் மெத்தை வாங்குவதற்கும் தேதி குறிக்காதீர்கள். ரத்துக்கு என்று ஒரு பகுதியைச் செலவுப் பக்கம் எழுதி வையுங்கள்.

குடைப் பட்டறையின் தாள் நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலாவது, அந்த 20, 50, 28 எங்கிருந்து வந்தது? இந்த பட்ஜெட்டின் அடித்தளமே அதுதான், பலர் அதை மனக்கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். போன வருடப் பேரேட்டை எடுங்கள். ஒரு மாதத்தில் போட்ட பில்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பணம் எந்த மாதம் வந்தது என்று எதிரே குறியுங்கள். பில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தொகையைப் பாருங்கள். பத்துச் சின்னக் கடை உடனே கொடுத்திருக்கும், ஒரு பெரிய கடை இரண்டு மாதம் இழுத்திருக்கும். எண்ணிக்கையில் பார்த்தால் வசூல் அழகாகத் தெரியும். சீசன் மாதம் ஒன்று, சாதாரண மாதம் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டுக்கும் ஒரே விகிதம் வருவது அபூர்வம். சீசன் கடைசியில் விற்காத சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பி பாக்கியில் கழிப்பார். உங்கள் ஏழாம் மாத வரவு 394ல் ஐந்தாம் மாதப் பாக்கி மட்டும் 224 இருக்கிறது. ரிட்டர்ன் முதலில் அதில்தான் கைவைக்கும்.

இரண்டாவது, மாத முடிவு இருப்பு நடு மாதத்தை மறைத்துவிடும். உங்கள் நான்காம் மாதம் −211ல் தொடங்குகிறது. துணிக்காரருக்குத் தேதி 5 என்று வையுங்கள், வாடகை வகையறாவும் முதல் வாரமே. கூலி வாராவாரம் 30. பத்தாம் தேதிக்குள் 460 வெளியே போயிருக்கும். அதுவரை ரொக்க விற்பனையில் 40 வந்திருந்தாலும் கணக்கு −631ல் நிற்கும். கடைகளின் பாக்கி பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். நீங்கள் வாங்கிய லிமிட் 563. மாதத் தாளில் எல்லாம் சரியாகத் தெரியும், பத்தாம் தேதிக்குள் காசோலை திரும்பும். அதனால் மூன்று, நான்கு, ஐந்தாம் மாதங்களை மட்டும் வார வாரியாகப் பிரித்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்கு அந்த வேலை தேவையில்லை.

ஸ்வெட்டர் வியாபாரி

அப்படியானால் கடைசியில் என் 666தான் சரியாக வருகிறது!

பேரேடு

இந்த முறை பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். துணிக்காரரின் தேதி 5க்குப் பதில் 25 ஆனால் என் 631 மாறிவிடும், உங்கள் 666 மாறாது. தேதி மாறியும் மாறாத எண்ணை வைத்து லிமிட் கேட்காதீர்கள் அண்ணே.

குடைப் பட்டறை

வாரக் கணக்கு மிகவும் உபயோகம், ஐயா. துணிக்காரரிடம் 5ஐ 25 ஆக்கக் கேட்கப் போகிறேன்.

நான் செய்துபார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். அதே தாளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். முதலில் கடைகள் தாமதித்தால் என்ன ஆகும்? மூன்றாம் மாத விற்பனையிலிருந்து, அடுத்த மாதம் வரவேண்டிய 50ல் பாதி இன்னொரு மாதம் தள்ளிப்போவதாக வைத்தேன். நான்காம் மாதம் −513 என்பது −563 ஆனது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஐந்தாம் மாதம் −222 இருக்க வேண்டியது −372ல் நின்றது. அடைக்கும் வேகம்தான் அடிபடுகிறது.

அடுத்து, துணிக்காரர் முதல் மாதத்திலிருந்து கடனே தர மறுத்து ரொக்கம் கேட்டால்? இரண்டாம் மாதமே −209. நான்காம் மாதம் −663. அதாவது லிமிட் கைக்கு வருவதற்கு முன்பே மாட்டிக்கொள்வோம். எனக்கு இதுதான் பெரிய பயம். கடைக்காரர் இழுத்தால் வங்கியிடம் பேச ஒரு மாதமாவது இருக்கிறது. துணி வராவிட்டால் சீசனே போய்விடும். அதனால் இப்போதெல்லாம் வங்கிக்கு முன்னால் துணிக்காரரிடம் போய் அந்த ஒரு மாதக் கடனை எழுத்தில் வாங்கிவிடுகிறேன்.

பை தைக்கிறவர்

விற்பனை வரியை யாரும் சொல்லவில்லையே. எங்களுக்கு பில் போட்ட மாதத்தை வைத்தே வரி கட்ட வேண்டும், கடைக்காரர் பணம் தந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. போன சீசனில் வரி கட்டிய பிறகுதான் அந்தச் சரக்குக்குப் பாதிப் பணம் வந்தது. அதற்கு ஒரு தனி வரிசை போடாமல் இந்தத் தாள் முழுமையாகாது.

இன்னொரு யோசனை. நான் உடனே பணம் தருகிற கடைக்கு 2 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறேன். உங்கள் நான்காம் மாத விற்பனையில் அடுத்த மாதம் வரும் 300ல் பாதி அன்றே வந்துவிட்டால் 147 கையில் சேரும், பள்ளம் 366 ஆகிவிடும். அவ்வளவு கடன் எதற்கு?

பேரேடு

வரி பற்றிச் சொன்னது சரியான இடம். வாங்கும் துணிக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள உங்கள் ஊர் சட்டம் விட்டால் அதையும் அதே வரிசையில் காட்டுங்கள்.

தள்ளுபடியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு மாதம் முன்பே வாங்குவதற்கு 2 சதவீதம் என்பது, மாதம் 2 வட்டிக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஓ.டி. வட்டி அதைவிடக் குறைவு என்றால் கடன்தான் மலிவு. தவிர, சீசன் தொடக்கத்தில் கடைக்காரருக்கும் கை இறுக்கமாகத்தான் இருக்கும். எப்படியும் உடனே தருகிற அந்த 20 சதவீதக் கடைகளே தள்ளுபடியையும் எடுத்துக்கொண்டு போகும், மற்றவர்கள் அசைய மாட்டார்கள். நான் பார்த்த சில பட்டறைகளில் அப்படித்தான் நடந்தது.

பை தைக்கிறவர்

என்னிடம் பழைய பாக்கிக் கடைகளே வந்தன ஐயா. வட்டி மலிவாக இருக்கலாம், லிமிட்டே கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

குடைப் பட்டறை

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இந்தச் சீசனில் எப்போதும் இரண்டு மாதம் இழுக்கும் கடைகளுக்கு மட்டும் தள்ளுபடி சொல்லிப் பார்க்கிறேன், ரொக்கக் கடைகளுக்குக் கிடையாது. மற்றக் கடைகளுக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார்களோ என்றுதான் யோசனை. இப்படிப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.