தலைப்பு: ‘உறைநேர வரைவு’ சரியா?

சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியர்:
வணக்கம். டர்பன் தமிழர்களுக்கான மருத்துவச் சொல்தொகுப்பில் ‘த்ரோம்போஎலாஸ்டோகிராபி’க்கு ‘உறைநேர வரைவு’ என்று போட்டிருக்கிறேன். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைத்தானே அது அளக்கிறது?

மயக்க மருத்துவர், டர்பன்:
ஐயா, நேரம் அதில் ஒரு பகுதிதான். சிறு கிண்ணத்தில் 37 டிகிரியில் ரத்தம் இருக்கும். கிண்ணம் மெதுவாக இப்படியும் அப்படியும் திரும்பும். நடுவே ஒரு ஊசி தொங்கும். ரத்தம் திரவமாக இருக்கும்வரை ஊசி அசையாது, திரையில் ஒற்றைக் கோடுதான். உறையத் தொடங்கியதும் ரத்தக்கட்டி ஊசியையும் சேர்த்து இழுக்கும், கோடு இரண்டாகப் பிரிந்து அகலமாகும். அகலம்தான் கட்டியின் வலு. கட்டி கரைந்தால் மறுபடி ஒடுங்கும்.

விபத்தில் அடிபட்ட ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையத் தொடங்க ஆகும் நேரமான R 6 நிமிடம், உச்ச அகலமான MA 58 மி.மீ., இரண்டும் சரி. ஆனால் LY30 22 சதவீதம். அதாவது உச்ச அகலத்தைத் தொட்டபின் 30 நிமிடத்தில் கட்டி வேகமாகக் கரைந்திருக்கிறது. உறைநேரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால், கட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்க நினைப்போம். அதனால் ‘உறைவலு வரைவு’ என்பேன்.

பீனிக்ஸ் வாசகி:
என் வீட்டுக்காரர் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் டாக்டர். அறுவைக்கு முன் இந்தச் சோதனையை எடுத்தால் அதன் விளைவு தெரிந்துவிடுமா?

மயக்க மருத்துவர்:
தெரியாது அம்மா. வழக்கமான சோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் நிறைய உண்டாகும். அது தட்டணுக்களைப் பலமாகத் தூண்டிவிடுவதால் ஆஸ்பிரின் விளைவு மறைந்துபோகும். அதற்குத் தனிச் சோதனை உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆய்வக நுட்பர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஒடுங்கினாலே கரைவு என்று எழுதிவிடாதீர்கள். தட்டணுக்கள் இழுத்துச் சுருக்குவதால் கட்டி கிண்ணச் சுவரைவிட்டுக் கழன்றாலும் கோடு ஒடுங்கும். சந்தேகம் வந்தால் கரைவைத் தடுக்கும் மருந்தைக் கிண்ணத்தில் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுவேன். ஒடுக்கம் மறைந்தால் அது கரைவு. அப்படியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஆசிரியர்:
அப்படியானால் ‘உறைநேர’த்தை எடுத்துவிடுகிறேன். ‘உறைவலு வரைவு’ என்றால் கரைவதும் அதில் அடங்குமா?

மயக்க மருத்துவர்:
வலு கூடுவதும் குறைவதும் வலுவின் கதைதானே, அடங்கும். LY30க்குக் ‘கட்டிக்கரைவு’ போடலாம்.

நுட்பர்:
அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. கருவி காட்டுவது ஒடுக்கத்தை மட்டும், கரைவு நாம் செய்யும் முடிவு. ‘30 நிமிட ஒடுக்கம்’ என்று போடுங்கள்.

ஆசிரியர்:
சரி, தலைச்சொல் முடிந்தது. LY30க்கு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர்களும் சொல்லுங்கள்.