புதுப்பிப்பு: விட்டுப்போன தடுப்பூசித் தவணைகள்

"6ஆவது வார ஊசி போட்டாச்சு. 10, 14ஆவது வாரம் விட்டுப்போச்சு. பாப்பாவுக்கு இப்போ 7 மாசம். திரும்ப முதல்லேருந்து போடணுமா?"

வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு ஒருவர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார், இன்னொருவர் விட்ட இரண்டையும் சேர்த்தே போடலாம் என்றார். செவிலியர் அக்கா தடுப்பூசி அட்டையைப் பார்த்ததும், "போட்ட ஊசி போட்டதுதான், இடைவெளி நீண்டாலும் வீணாகாது" என்றார். ஆனால் ஒரே ஊசியின் இரண்டு தவணையை ஒரே நாளில் போட முடியாது, குறைந்தது 4 வாரம் வேண்டும். வெவ்வேறு ஊசிகளை ஒரே நாளில் போடலாம். சேர்த்துப் போடலாம் என்றவர் அந்த அளவில் சரி.

ஜூன் 3 அன்று, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் இரண்டாம் தவணை போட்டார்கள். அட்டையில் '10 வாரம்' என்று அச்சிட்ட கட்டத்தில், போட்ட தேதியையே எழுதினார். அடுத்தது ஜூலை 1. நாள் எண்ண வேண்டியது போட்ட தேதியிலிருந்து, அச்சிட்ட வயதிலிருந்து அல்ல. இதுதான் பலருக்கும் குழம்புகிற இடம். ஜூலை தவணை தள்ளிப்போனாலும் 9 மாதத் தட்டம்மை ஊசி அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு வயது வரம்பு உண்டு, அட்டவணைக்கு அட்டவணை மாறும். மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

லேசான சளிக்காகத் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்.