கல்லடிக் குடும்பக் குழு: வெள்ளி இரவுக் குருமா

புதன், மாலை 6:10

தர்ஷினி: வெள்ளி இரவுக்குப் பராட்டா சொல்லியாகிவிட்டது. 120. வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிக் குருமா, வீட்டிலேயே வைக்கப் போகிறேன். நாற்பது பேர். தண்ணீராகாமல் எப்படி வைப்பது? மலர் அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யோகன்: கோழிக் குருமாவா?

தர்ஷினி: அண்ணா, வெள்ளிக்கிழமை என்று இப்போதுதானே எழுதினேன்.

யோகன்: சரி. எங்கள் வீடு குடிபுகுந்த அன்று வைத்ததைப் போல மட்டும் வேண்டாம். அதில் தோணி விடலாம், பாலத்தடிக்குப் போகத் தேவையில்லை.

ரஞ்சி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கீர்த்தி: மாமி என்ன எழுதினீர்கள்?

ரஞ்சி: ஒன்றுமில்லை மகள். அன்று இறக்கும்போது கெட்டியாகத்தான் இருந்தது. ருசி பார்க்கிறேன் என்று நான்கு தடவை அகப்பையில் வாய் வைத்தவர் யார் என்பதை உன் மாமா எழுதட்டும்.

யோகன்: நான் நல்ல மனதோடு பார்த்தேன்.

ரஞ்சி: தர்ஷினி, கவலைப்பட வேண்டாம். கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்று. உடனே இறுகும்.

மலர்: மச்சாள், உடனே இறுகும் என்பது சரி. சிக்கல் அதற்குப் பிறகுதான். சோளமா போட்ட குழம்பு ஆறி நெடுநேரம் நின்றால் தண்ணீரைக் கக்கும். அதைத் திரும்பச் சூடாக்கிக் கிண்டினால் இன்னும் இளகும். தம்பியின் எச்சில் பட்டதும் காரணம்தான், பகிடிக்குச் சொல்லவில்லை. ஆறிய குழம்பில் எச்சில் விழுந்தால் மாவின் இறுக்கம் உடைந்துவிடும். அம்மா அகப்பையில் ருசி பார்க்க விடாமல் உள்ளங்கையில் ஊற்றித் தந்தது அதற்குத்தான்.

யோகன்: ஆக குற்றவாளி நான்.

ரஞ்சி: 🙏

மலர்: ஆனால் அன்று பெரிய பிழை அதுவும் அல்ல. மச்சாள், வீட்டில் ஒரு தேங்காய்க்கு எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள்?

ரஞ்சி: இரண்டு கோப்பை.

மலர்: அன்று நான்கு தேங்காய்க்கு?

ரஞ்சி: எட்டு. வேறென்ன, நாலிரண்டு எட்டுத்தானே.

மலர்: அதுதான். எல்லாவற்றையும் நான்கால் பெருக்கலாம், தண்ணீரை மட்டும் பெருக்கக் கூடாது. தண்ணீர் வற்றுவது சட்டியின் வாய் வழியாக. நான்கு மடங்கு குழம்பு கொள்ளும் கிடாரத்துக்கு வாய் நான்கு மடங்கு அகலம் இல்லை. வீட்டுத் தாச்சியில் பத்து நிமிடத்தில் வற்றுகிற அளவு, கிடாரத்தில் அரை மணி நேரம் கொதித்தாலும் வற்றாது. அதற்குள் உருளைக்கிழங்கு கரைந்துவிடும், தேங்காய் திரிந்துவிடும். நான்கு தேங்காய்க்கு ஐந்து கோப்பையில் தொடங்கு தர்ஷினி. பக்கத்தில் கேத்தலில் கொதிநீர் வைத்துக்கொள். குறைந்தால் ஊற்றலாம். கூடியதை எடுக்க முடியாது.

தர்ஷினி: இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சுதன்: இங்கே டொரன்டோவில் பெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் தானாக இறுகுகிறது. தேங்காய் துருவத் தேவையே இல்லை. அனுப்பிவிடவா?

மலர்: தம்பி, அதில் இறுக்குவதற்கு ஏதாவது சேர்த்திருப்பார்கள். நாம் பிழியும் பாலில் சக்கை இல்லை. குருமாவைப் பிடித்து வைப்பதே அந்தச் சக்கைதான். பால் ஊற்றிக் கொதிக்க விட்டால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. தேங்காய்ப்பூவை முழுதாக அரைத்துச் சேர்க்க வேண்டும்.

சுதன்: துருவின உலர் தேங்காய்?

மலர்: சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரை. ஓரளவு வரும். இங்கே மரத்தில் காய்க்கும்போது அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

கீர்த்தி: சென்னைக் காணொளி ஒன்றில் கசகசா அரைத்துப் போட்டு இறுக்குகிறார்கள். வெள்ளவத்தையில் 100 கிராம் வாங்கிவிட்டேன். நாளை இரவு ரயிலில் கொண்டு வருகிறேன். (படம்)

மலர்: மகள், இது கறுப்பாக அல்லவா இருக்கிறது.

கீர்த்தி: கடைக்காரர் கசகசா என்றுதான் தந்தார் அம்மா.

மலர்: நம் கடைகளில் கசகசா என்றால் பலூடாவில் மிதக்கும் விதை. காணொளியில் இருப்பது வெள்ளை, அது வேறு செடி. இதைப் போட்டால் குருமா முழுவதும் தவளை முட்டை.

சுதன்: பலூடாக் குருமா. டொரன்டோவில் கடை போடுவோம்.

யோகன்: எனக்கு ஒரு தம்ளர்.

தர்ஷினி: கொண்டு வா கீர்த்தி, சனிக்கிழமைச் சர்பத்துக்கு ஆகும். அக்கா, அரைப்பதைச் சொல்லுங்கள்.

மலர்: ஒரு தேங்காய்க்குக் கணக்குச் சொல்கிறேன். கஜு பதினைந்து, பெருஞ்சீரகம் குவித்து ஒரு தேக்கரண்டி. இரண்டையும் வெறும் சட்டியில் மெல்லிய தீயில் வறு. வாசம் எழும்பியதும் இறக்கு. சீரகம் சிவந்தால் கசக்கும், நாற்பது பேருக்கும் கசக்கும். ஆறியதும் இவற்றை முதலில் தனியாகத் தூளாக்கு. ஈரத் தேங்காயோடு சேர்த்துப் போட்டால் சீரகம் அரைபடாது, பல்லில் நெறுநெறுவென்று இருக்கும். தூளின் மேல் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய் ஆறு, இஞ்சித் துண்டு, உள்ளி நான்கு பல். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை, முக்கால் கோப்பைக்கு மேல் வேண்டாம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் மணல் போலத் தட்டுப்படக் கூடாது. நடுவில் கிரைண்டரை நிறுத்தி ஆறவிடு, சூடேறினால் எண்ணெய் பிரியும்.

ரஞ்சி: நான்கு தேங்காய்க்கு நான்கு கரண்டிச் சீரகமா? பல்பொடி மணக்கும்.

மலர்: நான் மூன்றுதான் போடுவேன். தாளிக்க இன்னும் அரைக் கரண்டி இருக்கிறது.

ரஞ்சி: நான் நான்கு என்றால் நீங்கள் மூன்று. எப்போதும் அப்படித்தான்.

வியாழன், காலை 11:32

தர்ஷினி: ஒரு தேங்காயில் செய்து பார்த்தேன். வெங்காயம், கறுவா, ஏலம், கறிவேப்பிலை தாளித்து, தக்காளி வதக்கி, கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு அவித்து, கடைசியில்தான் தேங்காய் ஊற்றினேன். சட்டியில் பார்க்க நன்றாக இருக்கிறது. தட்டில் ஊற்றினால் சுற்றிலும் தண்ணீர் வளையம். (படம்)

யோகன்: வாவியின் கரை மாதிரி இருக்கிறது.

மலர்: தட்டைச் சாய்த்துப் பார். எல்லாம் சேர்ந்து ஓடுகிறதா, தண்ணீர் மட்டும் ஓடித் தேங்காய் அங்கேயே நிற்கிறதா?

தர்ஷினி: தண்ணீர் மட்டும் ஓடுகிறது. தேங்காய் குவியலாக நிற்கிறது.

மலர்: அப்படியானால் தண்ணீர் கூடவில்லை. அரைபடவில்லை. எல்லாம் சேர்ந்து ஓடினால்தான் தண்ணீர் கூடியது, அதைத் திறந்து வைத்து வற்றவிடலாம். இதை வற்றவிட்டால் வறண்டு போகுமே தவிர சேராது. அரைக்கும்போது எவ்வளவு தண்ணீர் விட்டாய்?

தர்ஷினி: அலகு சுற்றவில்லை என்று ஒன்றரைக் கோப்பை.

மலர்: தண்ணீர் கூடினால் தேங்காய் நீந்தும், அலகில் படாது. பாதி பாதியாகப் போட்டு அரை. இப்போது இருப்பதைக் கொட்டாதே. இரண்டு அகப்பை எடு, தேங்காயும் நான்கைந்து கிழங்குத் துண்டும் வரும்படி. ஆறவிட்டு நன்றாக அரைத்துத் திரும்பச் சேர். மெல்லிய தீயில் எட்டு நிமிடம், மூடாமல்.

மதியம் 12:20

தர்ஷினி: வளையம் போய்விட்டது! அகப்பையால் அடியில் கோடு இழுத்தால் மெதுவாக மூடுகிறது. ஓரத்தில் சிறிய எண்ணெய்ப் பொட்டுகள் நிற்கின்றன.

மலர்: அங்கேயே நிறுத்து. பச்சை வாடை போயிருந்தால் போதும். நாளை ஆறு மணிக்கு இறக்கி எட்டு மணிக்குப் பரிமாறுவதென்றால், வேண்டியதைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே இறக்கு. கிழங்கு இழுத்துக்கொள்ளும். சூட்டோடு இறுக்கி மூடாதே, மூடியில் கோர்க்கும் நீர் முழுவதும் உள்ளேதான் விழும். மெல்லிய துணி போடு. தேசிக்காய் இறக்கிய பிறகு.

ரஞ்சி: சப்பாத்திக்கு இது சரி. பராட்டாவுக்குக் கொஞ்சம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஊறாது.

மலர்: அது மச்சாள் சொல்வது சரி.

கீர்த்தி: அம்மா மாமியை ஒத்துக்கொண்டார்! திகதியைக் குறித்து வையுங்கள்.

தர்ஷினி: ஒரு தேங்காயை அரைத்து எடுக்கவே என் கிரைண்டர் சூடேறி மணந்துவிட்டது. நாளை நான்குக்கு என்ன செய்வது?

மலர்: ஆட்டுக்கல்லில் அரைத்தால் மாவு மாதிரி வரும். அம்மம்மாவின் ஆட்டுக்கல் இருக்கிறதே.

தர்ஷினி: எங்கே இருக்கிறது?

யோகன்: தட்டச்சுச் செய்யாமல் இருக்கிறேன்.

மலர்: அது எனக்கென்று அம்மா சொன்னது. குடிபுகுந்த அன்று அலங்காரத்துக்கு என்று வாங்கிப்போன கல். இப்போது அதில் பூச்செடி நிற்கிறதாம்.

ரஞ்சி: பூச்செடி இல்லை மச்சாள், கற்பூரவள்ளி. இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பேன்.

மலர்: நான் கேட்டேன். சித்திரை வருடப்பிறப்பு அன்று.

ரஞ்சி: அன்று நீங்கள் கேட்டது ஆட்டுக்கல் அல்ல, குத்துவிளக்கு.

தர்ஷினி: இரண்டு பேரும் நாளை என் வீட்டுக்கு வாருங்கள், அங்கே பேசலாம். இப்போது யார் தேங்காய் துருவுவது? கிடாரம் யாரிடம்?

யோகன்: கிடாரம் கோவிலில் இருக்கும். கேட்டுப் பார்க்கிறேன்.

மலர்: கேட்டுப் பார்க்கிறேன் என்றால் கேட்க மாட்டான். நானே ஐயரிடம் பேசுகிறேன்.

தர்ஷினி: சீரகம் மூன்றா நான்கா?

ரஞ்சி: நான்கு.

மலர்: மூன்று.

தர்ஷினி: மூன்றரை.

ரஞ்சி: கற்பூரவள்ளியை வேறு சாடிக்கு மாற்றிவிட்டேன். கல்லைக் கழுவியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். நாளை காலை யார் வருகிறீர்கள்?

பிற்பகல் 3:45

ரஞ்சி: யாரும் வரவில்லையா?

சுதன்: நான் வருகிறேன் மச்சாள்.